இருபத்து மூன்று ‘ஓகே’

பெருமையடித்துக்கொள்கிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அடித்துக்கொள்ளத்தான் போகிறேன். மலேசியாவில், ஜோகூர் பாசிர் கூடாங்கில், மருந்துப் போத்தல்களுக்கு மூடி செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்தொரு வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் பதினோரு வருடம் சோதனைப் பிரிவுக்கு சூப்பர்வைசர். சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவத்தோடு படிப்பை மூட்டை கட்டிவிட்டு, பெர்மாஸ் ஜெயாவிலிருந்து கம்பெனி பஸ் பிடித்து வந்து சேர்ந்த ஒருத்தி இன்று பதினான்கு பேரை வைத்து வேலை வாங்குகிறாள் என்றால் சும்மாவா? என் பிரிவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இயந்திரம் மூடிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நாங்கள் அதை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்து, நல்லதை ஒரு பெட்டியிலும் கெட்டதை இன்னொரு பெட்டியிலும் போடுவோம். ஓரத்தில் மெல்லிசாகப் பிளாஸ்டிக் பிதுங்கியிருந்தால் சிறு கத்தியால் சீவி எடுப்போம். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலைதான். ஆனால் ஒரு மூடி சரியாகப் பொருந்தாமல் போனால் உள்ளே இருக்கும் மருந்து கெட்டுவிடும்.

முன்பெல்லாம் டிசம்பர் என்றாலே எனக்கு ஆகாது. வருட மதிப்பீட்டுப் படிவம், எங்கள் வாயில் பாரம், வரும். ஆளுக்கு நான்கு பக்கம். ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போட வேண்டும். அதிலும் நினைத்தபடி போட முடியாது. பதினான்கு பேர் இருந்தால் இரண்டே இரண்டு ஏ, குறைந்தது இரண்டு சி என்று மேலிடத்தில் கணக்கு வைத்திருந்தார்கள். பதினான்கு பேரும் நன்றாக வேலை செய்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். “எங்கேயாவது குறை இருக்கும், தேடிப் பாருங்க” என்றார்கள். நானும் தேடினேன். ஜனவரியில் யார் என்ன செய்தார்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? நவம்பரில் தப்புச் செய்தவருக்கு சி விழும். ஏ கிடைக்காதவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள் என்பதால், அதைச் சுற்றுக்கு விட்டேன். போன வருடம் உனக்கு, இந்த வருடம் அவனுக்கு. மாரியம்மன் கோயில் பிரசாதம் மாதிரி பிரித்துக் கொடுத்தேன் என்று சொன்னால் அம்மன் கோபித்துக்கொள்வாள், ஆனால் நடந்தது அதுதான்.

அப்படி ஒரு டிசம்பரில்தான் எனக்கு நல்ல சூடு கிடைத்தது. என் பிரிவில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், கத்தி பிடிப்பதில் வேகமான கை. அவருக்கு சி போட்டிருந்தேன். காரணம், அவர் சீவும் கோணம் தப்பு. மூடியின் விளிம்பில் கீறல் விழும். அதை நான் மார்ச் மாதமே பார்த்துவிட்டேன். பிறகு சொல்லலாம் என்று விட்டு, வருடம் முழுவதும் மனதுக்குள் எழுதி வைத்து, டிசம்பரில் பாரத்தில் கொட்டினேன். கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவர் பாரத்தைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

“மேடம், மார்ச்சுலயே பாத்தீங்களா?”

“ஆமா.”

“அப்போ மார்ச்சுலயே சொல்லியிருந்தீங்கன்னா, அன்னைக்கே கைய மாத்தியிருப்பேன்ல? ஒம்போது மாசமா தப்பா சீவிட்டு இருந்திருக்கேன். நீங்களும் பாத்துட்டு இருந்திருக்கீங்க.”

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை நானே அவர் மேசைக்குப் போய்க் கத்தியை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று காட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றோடு கீறல் நின்றது. எனக்கு வந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அதனால்தான், இரண்டு வருடத்துக்கு முன் புதிதாக வந்த மனிதவள மேலாளர் அந்தப் பாரத்தையே தூக்கிப்போடுகிறேன் என்றதும் நான்தான் முதலில் கை தட்டினேன். அவர் மலாய்க்கார அம்மா. மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் பிடித்தால் விடமாட்டார். இனி எழுத்தும் கிடையாது, டிசம்பரும் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று கேள்வி: என்ன நன்றாகப் போனது, எங்கே சிக்கியது, நான் என்ன உதவி செய்ய வேண்டும். பேசி முடித்ததும் கைப்பேசிச் செயலியில் இரண்டு வரி குறிப்பு எழுத வேண்டும். அவ்வளவுதான்.

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்: “டிசம்பர் பூதம் ஒழிஞ்சது. இனிமே அந்தப் பாரத்த என் கண்ணுல யாரும் காட்டக்கூடாது.” எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

மூடி வார்க்கும் அச்சுகளை வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தினம் ஒருவர், சில நாள் இருவர். ஆரம்பத்தில் பயந்து பயந்து வந்தார்கள். சூப்பர்வைசர் கூப்பிட்டால் திட்டு என்றுதானே பழக்கம்? மூன்றாவது சுற்றில் வாய் திறந்தார்கள். ஒரு நேப்பாளத் தங்கை, மாலை மூன்று மணிக்கு மேல் அடிப்பக்கத்துக் குறைகளைத் தவறவிடுவாள். கவனம் போதவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேசிப் பார்த்தால், மேசை அவள் உயரத்துக்கு அதிகம். காலையிலிருந்து கையைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்து, மூன்று மணிக்கு மேல் மூடியைத் திருப்பிப் பார்க்காமல் விட்டுவிடுகிறாள். ஏறி நிற்க ஒரு பலகை போட்டோம். அடுத்த இரண்டு வாரத்தில் அவள் பெட்டி சுத்தம். பழைய முறையாக இருந்தால் அவளுக்கும் ஒரு சி போட்டு, ‘கவனம் குறைவு’ என்று எழுதியிருப்பேன். பாவம், தோள்வலிக்கு சி வாங்கியிருப்பாள்.

அந்த வருடம் என் பிரிவில் கழிவு குறைந்தது. வாங்குகிறவர்களிடமிருந்து புகார் வரவில்லை. மற்றப் பிரிவு சூப்பர்வைசர்கள் வந்து, எப்படி அக்கா செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் நாற்காலியைக் காட்டினேன். அப்போது எனக்குத் தலைகால் புரியவில்லை என்பது உண்மைதான்.

இப்போது அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அவள் கதைதான்.

அவள் என் பிரிவில் பதினெட்டு வருடம். என்னைவிட ஒரு வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வந்தால் வேலை, மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் மறுபடி வேலை. சத்தமே இருக்காது. தப்பும் இருக்காது. பழைய பாரக் காலத்தில் பெரும்பாலும் அவளுக்கு பி தான் போட்டேன். ஏ கேட்டு முகத்தைத் தூக்குகிறவர்களுக்குக் கொடுக்கவே எனக்கு ஏ போதவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைத்தது.

புதிய முறை வந்த பிறகும் அவளுக்கு என் நாற்காலியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேலை இருந்ததில்லை.

“எல்லாம் ஓகேவா மா?”

“ஓகே லா அக்கா.”

“எங்கயாச்சும் சிக்கலா?”

“இல்ல அக்கா.”

“சரி, போ.”

நான் செயலியைத் திறந்து ‘ஓகே’ என்று எழுதுவேன். மிச்சமான எட்டு நிமிடத்தை, சிக்கலோடு வருகிற அடுத்தவருக்குக் கொடுப்பேன். அதைப் பெரிய நியாயம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருடக் கடைசியில் எங்கள் பிரிவையும் பொட்டலப் பிரிவையும் சேர்த்துக் கவனிக்க லைன் லீடர் பதவி ஒன்று வந்தது. ஒரே ஒரு பதவி. அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய அன்று அவள் என் மேசைக்கு வந்தாள். தானாக வந்தது அதுதான் முதல் தடவை.

“அக்கா, நான் கேக்கலாமா அதுக்கு?”

“ஏன் கேக்கக்கூடாது? தாராளமா கேளு.”

“இல்ல, நான் வேலை சொல்லிக் கொடுத்தவங்க மூணு பேரு லைன் லீடராயிட்டாங்க. மூணு பேருக்கும் வாழ்த்து சொல்லி கேக் சாப்ட்டேன். இந்த வாட்டியும் கிடைக்கலன்னா, இனிமே கேக்கமாட்டேன் அக்கா. அப்படியே இருந்துட்டுப் போயிடுறேன்.”

அழவில்லை, கோபப்படவில்லை. மூடியில் குறை இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். “ஒனக்குக் கிடைக்கும். நான் இருக்கேன்ல?” என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

தேர்வுக் குழுவில் தொழிற்சாலை மேலாளர், மனிதவள மேலாளர், பிறகு நாங்கள் மூன்று சூப்பர்வைசர்கள். தொழிற்சாலை மேலாளர் அறுபதை நெருங்கும் சீனர். நல்லவர், ஆனால் கண்ணால் பார்க்காததை நம்பமாட்டார். பேச்சு மலாயிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன். இரண்டு பேர்தான் கடைசிச் சுற்றில். பொட்டலப் பிரிவிலிருந்து ஒரு மலாய்க்காரத் தம்பி, என் பிரிவிலிருந்து அவள். அந்த வருடத்துக் குறிப்புகளை அச்செடுத்து எல்லோர் முன்னாலும் வைத்திருந்தார்கள்.

அந்தத் தம்பிக்கு ஆறு பக்கம். லேபிள் மாறிப்போனபோது எப்படிச் சமாளித்தார், லாரி தாமதமானபோது என்ன செய்தார், எதில் திணறினார், எப்படித் தேறினார் என்று அவருடைய சூப்பர்வைசர் அழகாக எழுதியிருந்தார். படித்தால் ஆளே கண் முன்னால் நிற்கிறார்.

அவளுக்கு ஒரே தாள். அதில் மேலிருந்து கீழே, தேதி, ஓகே. தேதி, ஓகே. தேதி, ஓகே.

மேலாளர் விரல் வைத்து எண்ணினார். “இருபத்து மூணு ஓகே,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.

“இந்த அம்மா நல்லா வேலை செய்வாங்களா?” என்று கேட்டார்.

“பிரமாதமா செய்வாங்க சார். இந்த ஆலையிலேயே...”

“நீங்க சொல்றது கேக்குது. ஆனா வருஷம் பூரா நீங்க எழுதினதுல அது இல்லையே. ஒரு வாரம் டைம் தரேன். காட்டறதுக்கு ஏதாவது இருந்தா கொண்டுவாங்க. இல்லாட்டி இதுல இருக்கறத வச்சுத்தான் முடிவு பண்ணணும்.”

ஐயோ, அலமாக்! வெளியே வந்து கழிவறையில் முகம் கழுவினேன். கண்ணாடியில் பார்த்து என்னையே திட்டினேன். நடந்த தப்புக்குக் குறிப்பு எழுதினேன், திருத்தியதற்குக் குறிப்பு எழுதினேன். அவள் முன்கூட்டியே பிடித்ததால் நடக்காமலே போன தப்புக்கு யார் குறிப்பு எழுதினார்கள்? சிக்கலோடு வந்தவர்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாகச் சரித்திரம் இருக்கிறது. சிக்கலே இல்லாதவளுக்கு ஒரு வார்த்தை.

ஏன் எழுதவில்லை என்று யோசித்தால் வேலைச்சுமை மட்டும் காரணமில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம், முகத்துக்கு நேரே புகழ மாட்டோம். தலைக்கனம் வந்துவிடும், கண் பட்டுவிடும். நான் குழம்பு வைத்து எல்லோரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டாலும் என் அம்மா ‘உப்பு சரியா இருக்கு’ என்பார், அதுதான் மெடல். அவளைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள், இவள் தங்கம் என்று நினைப்பேன். வாயைத் திறந்தால் ‘சரி, போ’ என்றுதான் வரும். என்ன நன்றாகப் போனது என்ற முதல் கேள்வியை எல்லோரிடமும் அவசரமாகத் தாண்டிப் போனவள் நான்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை வீட்டில் பழைய டைரி ஒன்றை எடுத்தேன். செயலியில் தேதியை மாற்ற முடியாது. டைரியில் எழுதலாமே? மார்ச் இப்படி, ஜூன் அப்படி என்று நாலு வரி எழுதி, என் சொந்தக் குறிப்பு என்று கொண்டுபோய்க் காட்டலாம். பேனாவைத் திறந்தும் விட்டேன். எழுதவேண்டியது அத்தனையும் உண்மைதான், தேதி மட்டும்தான் பொய். பிறகு நினைத்துப் பார்த்தேன். நாளைக்கு யாராவது அந்த மை புதுசு என்று கண்டுபிடித்தால் என் மானம் போவது இருக்கட்டும். பதினெட்டு வருடம் ஒரு கெட்ட மூடியைக்கூட நல்ல பெட்டியில் போடாதவளைப் பொய்த்தேதி போட்ட டைரியை வைத்தா மேலே ஏற்றுவது? டைரியை மூடி வைத்துவிட்டு, புருஷனிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன். அவர் பழகிவிட்டார்.

மறுநாள் இன்னொரு தலைவலி. குறிப்புகளை அச்செடுத்துப் பதவி உயர்வுக்குப் பார்த்தார்கள் என்ற செய்தி பரவியிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலிக்கு வந்த நேப்பாளத் தங்கை சிரித்துக்கொண்டே, “எல்லாம் ஓகே அக்கா” என்றாள். அடுத்து வந்தவரும் ஓகே. அன்று நான் சி போட்ட கத்தி அண்ணன் மட்டும் விஷயத்தை உடைத்தார்: “மேடம், இங்க சொல்றது அங்க போகும்னா, சிக்கல்னு எவன் வாயத் தொறப்பான்? எழுதிட்டா மார்க்குல கைய வச்சுருவீங்கல்ல?”

நியாயம்தானே? திருந்துவதற்காகப் பேசுகிற இடத்தையே தராசாகவும் ஆக்கினால், யாரும் குறையைச் சொல்லமாட்டார்கள். தராசு வேண்டும், ஆனால் அது வேறு இடத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒழிந்தது என்று கொண்டாடிய டிசம்பர் பூதத்துக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது. அந்த வேலைக்கு அதை நாங்கள் ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நேரே மனிதவள மேலாளர் அறைக்குப் போனேன். அவரை மலாய் மரியாதைப்படி புவான் என்றுதான் கூப்பிடுவோம். “புவான், நான் கூட்டத்துல பேசினத வாபஸ் வாங்கிக்கறேன்,” என்றேன். “வருஷத்துக்கு ஒரு வாட்டி உக்காந்து முழு வருஷத்தையும் பாக்கணும். எழுத்து வேணாம், இத்தன ஏ இத்தன சிங்கற கூத்தும் வேணாம். ஆனா பாக்கணும். ரெண்டு வாரத்துக்கு ரெண்டு வாரம் பாத்தா எனக்கு மேடுபள்ளம்தான் தெரியுது. சமதரையா போறவ கண்ணுக்கே தெரியல.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “பாரத்தத் தூக்கினப்போ அதோட சேர்த்து இதையும் தூக்கிட்டேன். அது என் தப்பு,” என்றார். மேலதிகாரி ஒருவர் என்னிடம் தப்பு என்று ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. “ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி செய்யலாம். ஒரே கேள்விகள். பதிலுக்கு வாய்ப்பேச்சு இல்ல, ஆதாரம். பத்து நிமிஷக் குறிப்பு குழுவுக்கு வராது.”

அந்த வியாழக்கிழமை காலை அவளை உட்காரவைத்தேன். பத்து நிமிடமில்லை, ஒன்றரை மணி நேரம். மேசையில் வருடம் முழுவதற்குமான தினசரிச் சோதனைத் தாள்களை மாத வாரியாக அடுக்கியிருந்தேன். எந்தக் குறையை யார், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்று அதில் இருக்கும், பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் இருக்கும். புது ஆள் பயிற்சித் தாள்களும் இருந்தன. யார் சொல்லிக்கொடுத்தது என்ற இடத்தில் பெயர் இருக்கும்.

“இது எதுக்கு அக்கா?” என்று பயந்தாள்.

“ஒன் வருஷத்தப் பாக்கப் போறோம். நீயே பொரட்டு.”

புரட்டினோம். அச்சு மாற்றி இயந்திரத்தை மறுபடி ஓட்டும்போதுதான் குறை அதிகம் வரும். மற்றவர்கள் அதைப் பிடிப்பது இரண்டாவது மணி, மூன்றாவது மணி. அதற்குள் பெட்டி பெட்டியாக வீணாகியிருக்கும். அவள் கையெழுத்து இருந்த இடமெல்லாம் முதல் பெட்டி. பிப்ரவரி முதல் பெட்டி. மே முதல் பெட்டி. ஆகஸ்டில் ஒரே ஒரு வாரம் அவள் மேசையில் மூன்றாவது மணிக்குப் போயிருந்தது. பார்த்தால் அந்த வாரம் அவள் விடுமுறை. பயிற்சித் தாள்களில், அந்த வருடம் வந்த ஐந்து புது ஆட்களில் நான்கு பேருக்கு அவள் பெயர். இதில் எந்த ஒரு தாளைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் ஒன்றுமே தெரியாது. பன்னிரண்டு மாதமும் சேர்ந்தால்தான் தெரிகிறது.

“எப்படி மா மொதப் பெட்டியிலயே பிடிக்கிற?”

“மூடி வெளிய வர்றப்போ ஓரம் லேசா வெளுத்துத் தெரியும் அக்கா. அப்போ சூடு பத்தலன்னு அர்த்தம். டெக்னிஷியன்கிட்ட சொல்லிருவேன். அவரு ஏத்திடுவாரு.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்கன்னு நெனச்சேன்.” தாள்களை ஓரம் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். பிறகு சொன்னாள்: “நான் நல்லா செய்றேனா இல்லையான்னே எனக்குத் தெரியாது அக்கா. யாரும் சொன்னதில்ல. திட்டு விழாம இருந்தா சரின்னு இருந்துட்டேன்.”

பதினெட்டு வருடம். அதில் பதினோரு வருடம் என் கைக்குள். நான் எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டு வந்தேன்.

திங்கட்கிழமை குழு கூடியது. இரண்டு பேருடைய வருடத்தையும் ஒரே கேள்விகளுக்குக் கீழே, ஆதாரத்தோடு வைத்தோம். அந்தத் தம்பியின் வருடமும் நன்றாகத்தான் இருந்தது, அதைக் குறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவளுடைய பன்னிரண்டு மாதத் தாள்களை மேலாளர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஆகஸ்டில் நின்றார். “இந்த வாரம் என்னாச்சு?” என்றார். “லீவு சார்,” என்றேன். அவர் மறுபடியும் அந்தத் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இவ்வளவு நாளா இந்த ஆள எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்று கேட்டார். அந்த அடி எனக்கு வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன்.

அவளுக்கே என்று முடிவானது. எனக்கு அந்த அறையிலேயே எழுந்து ஆடலாம் போல இருந்தது. பொட்டலப் பிரிவு சூப்பர்வைசர் அன்றே அந்தத் தம்பியை உட்காரவைத்து, எதில் குறைந்தது, அடுத்த தடவைக்கு என்ன வேண்டும் என்று தாளைக் காட்டியே சொன்னார். அதையும் மனிதவள மேலாளர் சட்டமாக்கிவிட்டார். இப்போது எங்களுக்கு இரண்டும் உண்டு. இரண்டு வாரப் பேச்சு கையைத் திருத்திக்கொள்வதற்கு. அதில் பேசுவது அந்த நாற்காலியைத் தாண்டாது. வருடப் பார்வை, ஆள் எங்கே நிற்கிறார், எங்கே போகலாம் என்று பார்ப்பதற்கு. வருடக் கடைசியில் யாரும் ஒரு குறையை முதல் தடவையாகக் கேட்கக்கூடாது. கேட்டால் அது சூப்பர்வைசரின் தப்பு. இதைச் சொல்லி முடித்ததும் கத்தி அண்ணன்தான் முதலில் தலையாட்டினார்.

அவளிடம் சொல்வதற்கு நானே போனேன். விளக்குக்குக் கீழே குனிந்து வேலையில் இருந்தாள்.

“கெடச்சிருச்சு மா. ஒண்ணாந்தேதியிலருந்து நீதான் லைன் லீடர்.”

கையிலிருந்த மூடியைப் பெட்டியில் போட்டாள். நல்ல பெட்டியில்தான். “தேங்க்ஸ் அக்கா,” என்றாள். அவ்வளவுதான். வழக்கமாக நான் அங்கேயே ‘சரி, வேலையப் பாரு’ என்று சொல்லித் திரும்பியிருப்பேன். அன்று கால் நகரவில்லை. சுற்றிப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் படட்டும், பட்டால் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன்.

“இங்க பாரு. நீ நல்லா வேலை செய்ற. இன்னைக்கு நேத்தில்ல, வந்த நாள்லருந்து. இந்த ஆலையில ஒன்னமாதிரி கண்ணு வேற யாருக்கும் கெடையாது. ஒன்ன நெனச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான், பதவி கிடைத்தபோது வராத கண்ணீர், பொலபொலவென்று கொட்டியது. கையுறையோடு துடைக்கக்கூடாது என்பதால் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

“எனக்கு இந்த வார்த்தை போதும். இத மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா, அக்கா,” என்றாள், “நான் அந்தப் பதவியக் கேட்டு வந்திருக்கவே மாட்டேன்.”